ஏசியன் ஹேண்டிகேப் கால் லைன்: பாதி ஜெயித்து பாதி தோற்பது எப்படி? கேள்விகளும் பதில்களும்

ஏசியன் ஹேண்டிகேப் என்பது ஃபுட்பால் பந்தயத்தில் ஒரு அணியின் கோல் கணக்கோடு ஒரு எண்ணைக் கூட்டியோ கழித்தோ பந்தயத்தைத் தீர்க்கும் முறை. அந்த எண்தான் லைன். இங்கே எல்லாக் கணக்குக்கும் பந்தயத் தொகை 100 என்று வைத்திருக்கிறேன். அது எந்த நாணயமாகவும் இருக்கலாம். ஆட்ஸ் டெசிமல் முறையில் இருக்கிறது. அதாவது 1.90 என்றால், ஜெயித்தால் போட்ட 100-ஐயும் சேர்த்து 190 திரும்பி வரும். போட்டி முடிவுகள் உண்மையானவை. ஆட்ஸ் மட்டும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை.

-0.25 என்றால் கால் கோல் குறைப்பதா? ஃபுட்பாலில் கால் கோல் ஏது?

கால் கோல் என்று ஒன்றும் கிடையாது. ஒரே சீட்டில் இரண்டு பந்தயம் இருக்கிறது என்பதற்கான சுருக்கக் குறிதான் அது. -0.25 லைனில் 100 போட்டால், 50 ஒரு பக்கத்து லைனான 0-க்குப் போகும், மீதி 50 மறுபக்கத்து லைனான -0.5-க்குப் போகும். இரண்டு பாதியையும் தனித்தனியாகத் தீர்த்து, வந்ததைக் கூட்டித் தருவார்கள்.

எல்லாக் கால் லைனுக்கும் இதே கதைதான். -0.75 என்பது பாதி -0.5, பாதி -1. -1.25 என்பது பாதி -1, பாதி -1.5. பிளஸ் பக்கமும் அப்படியே: +0.25 என்பது பாதி 0, பாதி +0.5. ஒவ்வொன்றிலும் ஒரு பாதி முழு எண் லைனில் இருக்கும், மற்றது அரை லைனில் இருக்கும். முழு எண் லைனில் மட்டும்தான் கோல் கணக்கு சரிசமமாகி, போட்ட பணம் அப்படியே திரும்பி வர முடியும். அரை லைனில் சமம் என்பதே கிடையாது, ஜெயிப்பு அல்லது தோல்வி மட்டுந்தான். இந்த இரண்டும் ஒன்று சேர்வதால்தான் பாதி வெற்றி, பாதி தோல்வி என்ற முடிவுகள் வருகின்றன.

என் சீட்டில் -0.25 என்று இல்லை, `0/-0.5` என்று இருக்கிறது. இது வேறா?

அதேதான். சில தளங்கள் இரண்டு பாதியையும் வெளிப்படையாக எழுதிவிடும். `0, -0.5` என்று காற்புள்ளி போட்டும் பார்க்கலாம். எனக்குக் கேட்டால் இப்படி எழுதுவதுதான் நல்லது, பணம் எங்கெங்கே போகிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

-0.25 எடுத்தேன், மேட்ச் டிரா. பாதிப் பணம்தான் வந்தது. சரிதானா?

சரிதான். 0 லைனில் இருந்த 50-க்கு டிரா என்றால் சமம், அது அப்படியே திரும்பி வந்துவிட்டது. -0.5 லைனில் இருந்த 50-க்கு உங்கள் அணி ஜெயித்தே ஆக வேண்டும், ஜெயிக்கவில்லை, அது போய்விட்டது. ஆக 100 போட்டு 50 வந்திருக்கும். பந்தய வரலாற்றில் `Half Lost` என்று காட்டும்.

உங்கள் அணி ஒரு கோலிலாவது ஜெயித்திருந்தால் இரண்டு பாதியும் ஜெயித்து, 1.90 ஆட்ஸுக்கு 190 வந்திருக்கும். தோற்றிருந்தால் ஒன்றுமில்லை.

இதே மேட்சில் எதிரணிக்கு +0.25 எடுத்தவரைப் பாருங்கள். அவருடைய 0 பாதி டிராவில் திரும்புகிறது: 50. +0.5 பாதி ஜெயிக்கிறது: 50 × 1.90 = 95. மொத்தம் 145, லாபம் 45. நீங்கள் இழந்தது 50, அவர் பெற்றது 45. ஆட்ஸ் இரண்டு பக்கமும் 1.90 என்று வைத்துக்கொண்டால், நடுவில் இருக்கும் அந்த 5, பந்தய நிறுவனத்தின் பங்கு.

ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டுமா? எளிய வழி இல்லையா?

இருக்கிறது. உங்கள் அணியின் கோல் வித்தியாசத்தை எடுங்கள். இரண்டு கோலில் ஜெயித்தால் +2, டிரா என்றால் 0, ஒரு கோலில் தோற்றால் -1. அதோடு லைனைக் கூட்டுங்கள். கால் லைனில் வரும் விடை எப்போதும் காலிலோ முக்காலிலோதான் முடியும், பூஜ்யம் ஒருபோதும் வராது.

விடை சரியாக +0.25 என்றால் பாதி வெற்றி. சரியாக -0.25 என்றால் பாதி தோல்வி. +0.75-ஓ அதற்கு மேலோ போனால் முழு வெற்றி. -0.75-ஓ அதற்குக் கீழோ போனால் முழுத் தோல்வி. அவ்வளவுதான். லைன் எவ்வளவு பெரிதானாலும், -2.75 ஆனாலும், இது மாறாது. முழுப் பணமும் திரும்பி வருவது மட்டும் கால் லைனில் நடக்கவே நடக்காது. ஆட்டம் ஒழுங்காக முடிந்தும் ஒரு கால் லைன் சீட்டில் போட்ட 100 அப்படியே வந்திருந்தால், ஏதோ தவறு நடந்திருக்கிறது, கேளுங்கள்.

பணக் கணக்கும் சுலபம். பாதி வெற்றி என்றால் முழு லாபத்தில் பாதி கிடைக்கும். பாதி தோல்வி என்றால் போட்டதில் பாதி போகும்.

ஒரு நிஜமான மேட்சை வைத்து எல்லா லைனையும் காட்ட முடியுமா?

2024 யூரோ இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். பெர்லினில் ஸ்பெயின் 2, இங்கிலாந்து 1. வழக்கமான நேரத்திலேயே முடிந்த ஆட்டம், அதனால் குழப்பமில்லை. எல்லா லைனுக்கும் 1.90 என்று வைத்துக்கொள்கிறேன். நிஜத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆட்ஸ் இருக்கும்.

ஸ்பெயினின் கோல் வித்தியாசம் +1.

ஸ்பெயின் -0.25 எடுத்தவருக்கு 1 - 0.25 = 0.75. முழு வெற்றி, 190 வரும்.

ஸ்பெயின் -0.75 எடுத்தவருக்கு 0.25. பாதி வெற்றி. எப்படி என்று பிரித்தும் பார்த்துவிடலாம்: -0.5 பாதிக்கு ஒரு கோல் வித்தியாசம் போதும், அது ஜெயித்து 95 தருகிறது. -1 பாதிக்கு ஒரு கோல் வித்தியாசம் சமம் ஆகிவிடுகிறது, 50 திரும்புகிறது. மொத்தம் 145.

ஸ்பெயின் -1.25 எடுத்தவருக்கு -0.25. இங்கே -1 பாதி திரும்புகிறது, -1.5 பாதி தோற்கிறது. கையில் 50. அணி ஜெயித்துக் கோப்பையையும் தூக்கியது, இவருக்கோ பாதிப் பணம் போச்சு. புதிதாக வருகிறவர்கள் அதிகம் சண்டை போடுவது இந்த இடத்தில்தான், "ஜெயித்த அணிக்குத்தானே போட்டேன்" என்று.

இப்போது இங்கிலாந்து பக்கம், கோல் வித்தியாசம் -1. +0.25 எடுத்தவருக்கு -0.75, எல்லாம் போய்விட்டது. +0.75 எடுத்தவருக்கு -0.25, பாதி தோல்வி, 50 மிச்சம். +1.25 எடுத்தவருக்கு +0.25, பாதி வெற்றி, 145. தோற்ற அணியின் பக்கம் நின்றும் லாபம்.

எதிரெதிர் லைன்களைச் சேர்த்துப் பாருங்கள். ஸ்பெயின் -0.75-க்குப் பாதி வெற்றி என்றால் இங்கிலாந்து +0.75-க்குப் பாதி தோல்வி. எப்போதும் இப்படி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாகத்தான் இருக்கும். உங்கள் கணக்கு சரியா என்று சந்தேகம் வந்தால், எதிர்ப்பக்கத்தைப் போட்டுப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

என் அணி கோப்பையை ஜெயித்தது, ஆனால் சீட்டில் பாதி தோல்வி என்று இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

நாக் அவுட் போட்டி என்றால் முதலில் 90 நிமிட முடிவைப் பாருங்கள். இந்தப் பந்தயம் 90 நிமிடமும், அதோடு நடுவர் சேர்க்கும் இஞ்சுரி டைமும் முடிந்தவுடன் தீர்ந்துவிடும். எக்ஸ்ட்ரா டைமும் பெனால்டி ஷூட் அவுட்டும் கணக்கில் வராது. சீட்டில் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய இதுதான் வழக்கம்.

2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். அர்ஜென்டினா 2-0 என்று முன்னிலையில் இருந்தது. எம்பாப்பே 80-ஆவது நிமிடத்தில் பெனால்டியில் ஒன்று, அடுத்த நிமிடமே இன்னொன்று என்று அடித்து 2-2 ஆக்கினார். எக்ஸ்ட்ரா டைமில் 3-3. ஷூட் அவுட்டில் அர்ஜென்டினா. உலகமே அர்ஜென்டினா ஜெயித்தது என்றுதான் எழுதியது, ஆனால் ஹேண்டிகேப் சீட்டுக்கு அது 2-2 டிரா. அர்ஜென்டினா -0.25 எடுத்தவருக்குப் பாதி தோல்வி, பிரான்ஸ் +0.25 எடுத்தவருக்குப் பாதி வெற்றி.

இஞ்சுரி டைம் கணக்கில் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 2024 யூரோ அரையிறுதியில் நெதர்லாந்தும் இங்கிலாந்தும் 1-1 என்று இருந்தபோது, 90 நிமிடம் தாண்டிய பிறகு வாட்கின்ஸ் அடித்த கோலில் இங்கிலாந்து 2-1 என்று ஜெயித்தது. நெதர்லாந்து +0.25 எடுத்தவருக்கு அந்த ஒரு உதையில் பாதி வெற்றி முழுத் தோல்வியாக மாறிவிட்டது: கையில் வர இருந்த 145 பூஜ்யம்.

மேட்ச் நடக்கும்போது 1-0 என்று இருக்கையில் -0.25 எடுத்தேன். 2-1 என்று ஜெயித்தோம். ஏன் பாதி தோல்வி?

இதைத்தான் எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் விளக்கங்களில் இது கடைசி வரியாகத்தான் வரும். ஆட்டத்தின் நடுவே எடுக்கும் ஏசியன் ஹேண்டிகேப்பில், பெரும்பாலான நிறுவனங்கள் நீங்கள் பந்தயம் வைத்த நொடியிலிருந்து விழும் கோல்களை மட்டும்தான் எண்ணும். அதுவரை விழுந்த கோல்கள் கணக்கில் இல்லை. உங்கள் சீட்டுக்கு அந்த நொடியில் ஸ்கோர் 0-0.

மறுபடி அந்த யூரோ இறுதி ஆட்டத்துக்கே வருவோம். 47-ஆவது நிமிடத்தில் நிகோ வில்லியம்ஸ் ஸ்பெயினுக்கு அடித்தார். 73-ஆவது நிமிடத்தில் பாமர் இங்கிலாந்துக்குச் சமன் செய்தார். 86-ஆவது நிமிடத்தில் ஒயார்சபால் ஸ்பெயினின் இரண்டாவது கோலை அடித்தார்.

ஒருவர் 60-ஆவது நிமிடத்தில், 1-0 என்று இருக்கும்போது ஸ்பெயின் -0.25 எடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஸ்பெயின் ஒன்று, இங்கிலாந்து ஒன்று. அவருடைய சீட்டுக்கு முடிவு 1-1. வித்தியாசம் 0, லைனைக் கூட்டினால் -0.25. பாதி தோல்வி, 100-க்கு 50. அதே நேரத்தில் இங்கிலாந்து +0.25 எடுத்தவருக்குப் பாதி வெற்றி. மேட்சில் தோற்ற அணி, ஆனால் அந்தக் கடைசி அரை மணிக்கு அது தோற்கவில்லையே.

இன்னொருவர் 80-ஆவது நிமிடத்தில், 1-1 என்று இருக்கும்போது ஸ்பெயின் -0.25 எடுத்தார். அவருக்கு மிச்ச நேரம் 1-0. முழு வெற்றி. மூன்று பேருக்கும் ஒரே மேட்ச், மூன்று வேறு முடிவு.

உங்கள் தளம் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறதா என்று சீட்டிலேயே பார்க்கலாம். அணியின் பெயர் பக்கத்தில் பந்தயம் வைத்த நேரத்து ஸ்கோர், `(1-0)` என்பது போல அடைப்புக்குறிக்குள் இருக்கும். அது இருந்தால், அந்த ஸ்கோரை இறுதி ஸ்கோரிலிருந்து கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

மொத்த கோல் பந்தயத்தில் 2.25, 2.75 என்று வருகிறதே, அதற்கும் இதேதானா?

பணத்தைப் பிரிப்பது இதேதான். ஓவர் 2.75 என்றால் பாதி ஓவர் 2.5, பாதி ஓவர் 3. யூரோ இறுதி ஆட்டத்தில் மொத்தம் 3 கோல். 2.5 பாதி ஜெயிக்கிறது, 3 பாதி திரும்புகிறது, ஆக பாதி வெற்றி. அண்டர் 2.75-க்குப் பாதி தோல்வி. ஓவர் 2.25 எடுத்திருந்தால் இரண்டு பாதியும் ஜெயித்திருக்கும்.

ஒரே ஒரு வேறுபாடு நடு ஆட்டத்தில் வருகிறது. மொத்த கோல் பந்தயத்தில் பொதுவாக ஏற்கெனவே விழுந்த கோல்களையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். ஹேண்டிகேப்பில் ஸ்கோர் அழிகிறது, இதில் அழிவதில்லை. ஒரே திரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், விதி மட்டும் வேறு. அப்புறம் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

-0.25-க்கு 1.90, 0-க்கு 1.62, -0.5-க்கு 2.20 என்று இருக்கிறது. எது லாபம்?

எது ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் எது மலிவு என்று கணக்குப் போடலாம். -0.25 என்பது மற்ற இரண்டின் சேர்க்கைதானே? அப்படியானால் நீங்களே 50-ஐ 0 லைனிலும் 50-ஐ -0.5 லைனிலும் தனித்தனியாகப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அணி ஜெயித்தால் 50 × 1.62 = 81, 50 × 2.20 = 110, மொத்தம் 191. கால் லைனில் 190. டிரா ஆனால் இரண்டு வழியிலும் 50. தோற்றால் இரண்டு வழியிலும் பூஜ்யம். ஆக இங்கே தனித்தனியாகப் போடுவது 1 அதிகம் தருகிறது, வேறு எந்த வேறுபாடும் இல்லை. கால் லைன் 1.91-க்கு மேல் இருந்தால் கணக்கு திரும்பிவிடும்.

இப்படிச் சராசரி பார்ப்பது -0.25, -1.25 போன்ற லைன்களுக்கு மட்டும் சரியாக வருகிறது, ஏனென்றால் அவற்றில் இரண்டு பாதியும் ஒன்றாகத்தான் ஜெயிக்கும். -0.75-க்கு இதைச் செய்தால் தப்பாகிவிடும். உதாரணமாக -0.5-க்கு 1.90, -1-க்கு 2.55, -0.75-க்கு 2.13 என்று இருக்கிறது. சராசரி 2.225, எனவே 2.13 மோசமான விலை என்று தோன்றும். பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள்.

இரண்டு கோல் அல்லது அதற்கு மேல் ஜெயித்தால், தனித்தனியாகப் போட்டவருக்கு 95 + 127.5 = 222.5, கால் லைனுக்கு 213. இங்கே கால் லைன் 9.5 குறைவு. சரியாக ஒரு கோலில் ஜெயித்தால், தனித்தனியாகப் போட்டவருக்கு 95 + 50 = 145. கால் லைனில் ஜெயிக்கும் பாதிக்கும் 2.13 ஆட்ஸ் கிடைப்பதால் 106.5 + 50 = 156.5. இங்கே கால் லைன் 11.5 அதிகம். ஆக இது மலிவு விலை, அது கூடுதல் விலை என்ற கதையே இல்லை. ஒரு கோல் வெற்றிகளுக்கு அதிகம் தந்து, பெரிய வெற்றிகளுக்குக் குறைவாகத் தருகிறது. அந்த மேட்ச் எப்படி முடியும் என்று நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்ததுதான் தேர்வு.

பாதிப் பணம் திரும்பி வருவதால் கால் லைன் பாதுகாப்பானது என்கிறார்களே?

ஏற்ற இறக்கம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டிராவில் பாதியைக் காப்பாற்றுவதற்கான விலை ஆட்ஸிலேயே கழிக்கப்பட்டிருக்கிறது. மேலே பார்த்தபடி -0.5-க்கு 2.20 தருகிறவர்கள் -0.25-க்கு 1.90தான் தருகிறார்கள். அந்த 0.30 சும்மா குறையவில்லை. நிறுவனத்தின் பங்கும் இரண்டிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் 1.90 என்றால், ஏறத்தாழ 100 ஜெயிக்க 111 பணயம் வைக்கிறீர்கள். பிரித்துப் போடுவதால் அது மறைந்துவிடாது.

பாதி தோல்விகளைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, "பாதி வந்துவிட்டதே" என்ற நினைப்பு. இரண்டு பாதி தோல்வி ஒரு முழுத் தோல்விக்குச் சமம், ஒரு பாதி வெற்றியோ 1.90 ஆட்ஸில் 45தான் தரும். அதனால் இரண்டு பாதி வெற்றியும் இரண்டு பாதி தோல்வியும் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடாது, 10 குறையும்.

அக்யூமுலேட்டரில், அதாவது பல மேட்ச் சேர்த்த சீட்டில், ஒரு மேட்ச் பாதி தோற்றால் முழுச் சீட்டும் போய்விடுமா?

போகாது. அந்த மேட்சின் ஆட்ஸுக்குப் பதிலாக வேறு எண் உட்காரும். பாதி தோல்விக்கு 0.5. பாதி வெற்றிக்கு, ஆட்ஸோடு 1-ஐக் கூட்டி இரண்டால் வகுத்த எண், அதாவது 1.90 என்பது 1.45 ஆகும்.

மூன்று மேட்ச் சேர்த்த சீட்டு: முதலாவது 1.90, முழு வெற்றி. இரண்டாவது 1.90, பாதி தோல்வி. மூன்றாவது 2.00, முழு வெற்றி. 1.90 × 0.5 × 2.00 = 1.90. 100 போட்டவருக்கு 190. மூன்றும் ஜெயித்திருந்தால் 722 வந்திருக்கும், ஆக அந்த ஒரு பாதி தோல்வி செய்த வேலை சின்னதல்ல. எல்லா நிறுவனமும் அக்யூமுலேட்டரில் கால் லைன் எடுக்க விடுவதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலாய் ஆட்ஸில் -0.80 என்று இருக்கிறது. பாதி தோல்வி என்றால் எவ்வளவு போகும்?

40. மைனஸ் மலாய் ஆட்ஸில் 100 என்பது நீங்கள் ஜெயிக்கப் போகும் தொகை, பணயத்தில் இருப்பது 80 மட்டும். அதில் பாதிதான் போகும். பாதி வெற்றி என்றால் லாபம் 50. பிளஸ் மலாய் ஆட்ஸோ ஹாங்காங் ஆட்ஸோ 0.90 என்றால் அது டெசிமல் 1.90தான்: பாதி வெற்றிக்கு 45, பாதி தோல்விக்கு 50. லைனின் மைனஸையும் ஆட்ஸின் மைனஸையும் ஒன்றென்று நினைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

நடுவில் மேட்ச் நின்றுவிட்டால்?

அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாகச் சீட்டு ரத்தாகி முழுப் பணமும் திரும்பும், ஆனால் எவ்வளவு மணி நேரத்துக்குள் மேட்சைத் தொடர்ந்தால் செல்லும் என்ற கெடு ஒவ்வொருவரிடமும் வேறு. அவர்களுடைய விதிப் பக்கத்தைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

எக்செலில் தானாகக் கணக்குப் போட வைக்க முடியுமா?

முடியும். A2-இல் உங்கள் அணியின் கோல் வித்தியாசம், B2-இல் லைன், C2-இல் டெசிமல் ஆட்ஸ், D2-இல் போட்ட தொகை. திரும்பி வர வேண்டிய தொகை இது:

```
=D2/2*IF(A2+B2-0.25>0,C2,IF(A2+B2-0.25=0,1,0))
+D2/2*IF(A2+B2+0.25>0,C2,IF(A2+B2+0.25=0,1,0))
```

இரண்டு வரியும் ஒரே சூத்திரம், ஒரே செல்லில் போடுங்கள். முதல் வரி கடினமான பாதியைத் தீர்க்கிறது, இரண்டாவது சுலபமான பாதியை. 1, -0.75, 1.90, 100 என்று போட்டுப் பாருங்கள், 145 வர வேண்டும். 0, -0.25 என்று மாற்றினால் 50.

இது கால் லைனுக்கும் அரை லைனுக்கும் சரியாக வரும். 0, -1 போன்ற முழு எண் லைனில், கோல் கணக்கு சமமாகும் இடத்தில் மட்டும் தப்பான விடை தரும், அங்கே இதைப் பயன்படுத்த வேண்டாம். நடு ஆட்டத்தில் எடுத்த ஹேண்டிகேப் என்றால், A2-இல் இறுதி ஸ்கோரின் வித்தியாசத்தைப் போடாமல், பந்தயம் வைத்த பிறகு விழுந்த கோல்களின் வித்தியாசத்தைப் போடுங்கள்.